பன்னிரண்டாம் மாடிப் போர்வை

அவருக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்தது ஒரு கொத்தனார். பொருத்தமான பெயர் என்பதால் ஒட்டிக்கொண்டது. கேமரா பையில் லென்ஸ் இருக்கிறதோ இல்லையோ, கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பது போன்ற ஒரு ரசமட்டக் கட்டை இருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பதினாலு வருஷம் ஒரு சின்னக் கடையில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தார். கொஞ்ச நாள் கல்யாணங்களுக்குப் போனார். மனுஷர்கள் நேராக நிற்பதில்லை என்று அதையும் விட்டார். கட்டடம் நேராக நிற்கும், பேசாது, கண்ணை மூடாது. பத்து வருஷமாகக் கட்டடங்களைத்தான் படம் எடுக்கிறார். சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தால் இவருக்குச் சோறு இறங்காது என்பது அவர் மனைவியின் புகார்.

அப்படிப்பட்டவரை ஒரே ஒரு கட்டடம் நாலு நாளாக அலைக்கழித்தது.

இருபத்துநாலு மாடி, மாடிக்கு ஆறு பால்கனி. கட்டிய கம்பெனி பக்கத்து மனையில் இரண்டாவது கட்டடம் எழுப்பப் போகிறது. அதற்கான விளம்பரத் தட்டியில், முதல் கட்டடம் அந்தி நேரத்தில் விளக்கெரிய நிற்கும் படம் வேண்டும். ஐந்தாம் நாள் காலையில் பக்கத்து மனைக்குக் கிரேன் வந்துவிடும். வந்துவிட்டால் எந்தப் பக்கம் நின்றாலும் கிரேன் குறுக்கே நிற்கும். "அதுக்குள்ள படம் வரலைன்னா கம்ப்யூட்டர்லயே பண்ணிக்கிறோம் சார். இனிமே எல்லாத்துக்கும் அதுவே போதும்னு மேல பேசிக்கிறாங்க" என்று கம்பெனியின் விளம்பர மேனேஜர் பெண் சொல்லிவிட்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதற்கு அர்த்தம், திரும்பவும் பாஸ்போர்ட் போட்டோ, நீல ஸ்கிரீன், தாடையைத் தூக்குங்க.

இடம் என்னவோ அருமையாக அமைந்தது. எதிரே பதினோரு மாடி ஆபீஸ் கட்டடம், அதன் மொட்டை மாடி. அங்கே நின்றால் எதிர்க் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடி நேர்க் கண்ணுக்கு வரும். தெருவில் நின்று கேமராவை அண்ணாந்து வைத்தால் மேல் மாடிகள் நசுங்கிப்போகும். இருபதாம் மாடிக்காரன் குனிந்துதான் குடியிருக்க வேண்டும். நடு உயரத்தில் நின்று, கேமராவை மட்டமாக, சுவருக்கு நேராக வைத்தால் அடி மாடியும் உச்சி மாடியும் ஒரே இடைவெளியில் விழும்.

முதல் நாள் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி அருகே நின்று முழுக் கட்டடத்தையும் ஒரே படத்தில் அடக்கினார். சூரியன் விழுந்து இருபது நிமிஷம், வானத்தின் வெளிச்சமும் வீட்டு விளக்கின் வெளிச்சமும் சரிக்குச் சமமாக நிற்கிற நேரம். கேமராவின் குட்டித் திரையில் பால்கனிக் கம்பிகள் மீது லேசாக அலை ஓடியது. குட்டித் திரை எப்போதும் அப்படித்தான் பொய் சொல்லும் என்று பெரிதாக்கிப் பார்க்காமல் பையை மூடினார். வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தால் அலை படத்திலேயே இருந்தது. இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று பிடித்தால் இல்லாத வளையம் தெரியுமே, அதே கதை. கம்பி வரிசையும் கேமராவுக்குள் இருக்கும் புள்ளி வரிசையும் கிட்டத்தட்ட ஒரே நெருக்கத்தில் வந்து முட்டிக்கொண்டன. நூற்று நாற்பத்து நாலு பால்கனியும் பட்டுத்துணி மாதிரி நெளிந்தன.

தப்பு தன்னுடையது. அதை வெளியே சொல்லவில்லை. நல்லவேளையாக மேனேஜர் பெண் வேறு குறை கண்டுபிடித்தாள்.

"சார், பால்கனியெல்லாம் துணி, சைக்கிள், உடைஞ்ச நாற்காலி. நீட்டா வேணும் சார்."

அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேறு யாருமில்லை, ரசமட்டத்தின் சொந்த அக்கா. பன்னிரண்டாம் மாடி. அவரிடம் சொன்னதுதான் தாமதம், மறுநாள் மாலை ஒரு பால்கனியில் ஒரு கைக்குட்டை இல்லை. எல்லா விளக்கும் ஒரே நொடியில் எரிந்தன. படத்தைப் பார்த்த மேனேஜர் பெண் கண்ணைக் கசக்கினாள்.

"என்ன சார் இது, சல்லடை மாதிரி இருக்கு?"

"மாடிய எண்ணுங்க" என்றார்.

எண்ணினாள். முதலில் இருபத்திரண்டு வந்தது. திரும்ப எண்ணினாள், இருபத்தைந்து. பார்வைக்கு ஒரு பிடி கிடைத்தால்தானே நிற்கும். ஒரே மாதிரி, ஒரே மாதிரி, ஒரே மாதிரி என்று வழுக்கிக்கொண்டே போயிற்று.

மூன்றாம் நாள் மழை.

நாலாம் நாள் காலையிலேயே அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, பால்கனி எல்லாம் மொட்டையா இருக்கு. ஏதாச்சும் வைக்கச் சொல்லு."

"ஏன்டா, எடுக்கச் சொன்னதும் நீ, வைக்கச் சொல்றதும் நீ. இங்க நான் என்ன, உனக்குச் சாமான் தூக்குற ஆளா?"

"அக்கா, இன்னிக்கு விட்டா போச்சு."

"சரி, சரி. நான் பாத்துக்கறேன்."

அக்கா பார்த்துக்கொண்டார். சாயங்காலம் ஐந்தரைக்கு மொட்டை மாடி ஏறி நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு பூந்தொட்டி. அதே சிவப்புத் தொட்டி, அதே செடி, அதே இடது மூலை. நூற்று நாற்பத்து நாலு.

போனை எடுத்தார்.

"பாத்தியா?" என்றார் அக்கா பெருமையோடு. "சங்கத்துல இருந்து மொத்தமா வாங்கி, காலையில இருந்து வீடு வீடா நானே போய் வச்சேன். முட்டி கழண்டு போச்சு."

"ஏன் எல்லாம் ஒரே தொட்டி?"

"பின்ன? ஒருத்தருக்குப் பெருசு, ஒருத்தருக்குச் சின்னதுன்னா சண்டை யாரு தீக்கறது? நீ வருவியா?"

"சல்லடையில செடி முளைச்ச மாதிரி இருக்குக்கா."

எதிரே பன்னிரண்டாம் மாடியில் அக்கா இடுப்பில் ஒரு கை, காதில் ஒரு கையோடு வந்து நிற்பது தெரிந்தது. அவ்வளவு தூரத்திலும் முறைப்பது புரிந்தது.

"அக்கா, கேளு. பால்கனின்னா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வீடுன்னு தெரியணும். எப்பவும் இருக்கற மாதிரி இருக்கச் சொல்லு. துணி கிணி எல்லாம் போடச் சொல்லு."

"மூணு நாளா ஈரத்துணிய வீட்டுக்குள்ள போட்டு வீடெல்லாம் நாத்தம். மாமா போர்வையில காளான் முளைக்கும் போல இருக்கு. லிப்ட்ல ஏறினா எல்லாரும் என்னையத்தான் திட்டறாங்க. இப்பப் போய் துணி போடுங்கன்னு சொன்னா எவளாச்சும் மதிப்பாளா? இந்தம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொல்லுவா."

"சொல்லாத. நீ மொதல்ல உன் துணியப் போடு."

"நான் செயலாளர்டா."

"அதனாலதான் சொல்றேன்."

அக்கா போனை வைத்துவிட்டார். சூரியன் பக்கத்துக் கட்டடத்தின் தோளைத் தொட்டது. ரசமட்டத்தின் கோபம் கேமரா மேல் திரும்பியது. முதல் நாள் அலைக்கு இன்னும் வழி பண்ணவில்லை. கேமராவின் மூன்று கால் நிறுத்தியை முன்பக்கக் கைப்பிடிச் சுவருக்குக் கொண்டுவந்து ஊன்றினார். கிட்டே வந்தால் கம்பிகள் படத்தில் பெரிதாக விழும், புள்ளிகளோடு முட்டாது. ஆனால் முழுக் கட்டடமும் ஒரே படத்தில் அடங்காது. அவருடைய லென்ஸ் தன் இருக்கையிலேயே மேலும் கீழும் நகரக்கூடியது. கேமராவை ஆட்டாமல், லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி ஒரு படம், கீழே நகர்த்தி ஒரு படம், பிறகு இரண்டையும் ஒட்ட வேண்டும். ரசமட்டக் கட்டையை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அது ஒன்றாவது சொன்ன பேச்சைக் கேட்டது.

சூரியன் இறங்கியது. எதிரே தொட்டி, தொட்டி, தொட்டி.

அப்போது பன்னிரண்டாம் மாடிக் கதவு திறந்தது. அக்கா ஒரு போர்வையை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். பச்சைக் கட்டம் போட்ட பழைய போர்வை. இரண்டு பக்கமும் பார்த்தார், திருட வந்தவர் மாதிரி. பிறகு ஒரே உதறாக உதறிக் கம்பி மேல் போட்டார். தம்பி நின்ற மொட்டை மாடியைப் பார்த்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை, கேட்காததே நல்லது.

ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பதினாலாம் மாடியில் ஒரு அம்மாள் தலையை நீட்டிக் கீழே பார்த்தாள். செயலாளரின் போர்வையைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு வாளித் துணியோடு வந்தாள். அவ்வளவுதான். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என்று கதவுகள் திறந்தன. துண்டு, பாவாடை, சட்டை. ஒருவர் தொட்டியை நகர்த்திவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஏழாம் மாடிக்குச் சைக்கிள் திரும்பி வந்தது. மழைக்குப் பிந்தைய வானம் நீலமாக ஆழ்ந்தது. ஒரு வீட்டில் மஞ்சள் விளக்கு, ஒரு வீட்டில் வெள்ளை, ஒரு வீட்டில் இருட்டு. போர்வைக்குப் பின்னால் அக்கா வீட்டு விளக்கு எரிந்தபோது கட்டங்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

மேல் படம் நாலு நொடி. லென்ஸைக் கீழே நகர்த்தினார். கீழ்ப் படம் நாலு நொடி. இந்த முறை குட்டித் திரையை நம்பவில்லை. முழுசாகப் பெரிதாக்கி, மாடி மாடியாகக் கம்பிகளைப் பார்த்தார். கம்பி கம்பியாகவே இருந்தது. மொட்டை மாடித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மேனேஜர் பெண் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "திரும்பவும் துணியா சார்?"

"எண்ணுங்க."

போர்வையில் விரலை வைத்தாள். அங்கிருந்து மேலே, அங்கிருந்து கீழே. "இருபத்துநாலு." இன்னொரு தரம் எண்ணினாள். "இருபத்துநாலுதான்." விரலை எடுக்காமலே, "அந்தப் போர்வைய மட்டும் அழிச்சிடலாமா சார்?" என்றாள்.

"அழிச்சா என் பேரையும் சேத்து அழிச்சிடுங்க."

அவள் சிரித்துவிட்டாள். அடுத்த மாசம் கம்பெனி கட்டி முடிக்கும் இன்னொரு கட்டடத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்துத் தட்டி எழும்பியது. பார்க்கப் போனவர் பாதி வழியில் இருக்கும்போதே அக்காவின் போன்.

"ஏன்டா, அந்தப் போர்வை மூலையில ஒட்டுப் போட்டிருந்தேன். இப்ப அந்த ஒட்டு பஸ் அளவுக்குத் தெரியுது. மாமா காலையில இருந்து மூணு தரம் போய்ப் பாத்துட்டு வந்து சிரிக்கிறார். நல்லதா ஒண்ணு போடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அதுல விரல வச்சுத்தான்கா எல்லாரும் எண்ணறாங்க."

"எண்ணி என்னத்தப் பண்ணப் போறாங்க?"

அதற்குள் அவர் தட்டியின் கீழே வந்து சேர்ந்திருந்தார். பிளெக்ஸ் பெரிதென்பதால் இரண்டு துண்டாக அச்சடித்திருந்தார்கள். அதை ஒட்டி முடித்த ஆள் ஏணியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். ரசமட்டம் போர்வையிலிருந்து மேலே எண்ணினார். திரும்பக் கீழேயிருந்து எண்ணினார். இருபத்துமூன்று. இரண்டு துண்டும் சேரும் இடத்தில் மேல் துண்டு ஒரு மாடி அளவுக்குக் கீழ்த் துண்டு மேல் ஏறிக் கிடந்தது. பதினேழாம் மாடியைக் காணோம், ஆறு குடும்பத்தோடு.

"அக்கா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தார். பையைத் திறந்து ரசமட்டக் கட்டையை எடுத்தார்.

"தம்பி, டீயக் குடிச்சிட்டியா?"

"ஆச்சு சார்."

"அப்ப பிரி. மேல இருந்து பிரி."