கதவோரம் நிற்பவருக்கும் நன்றி

தண்ணீர் பம்பு தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் அவருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பெயர். சரக்கு அனுப்பும் பிரிவில் முப்பத்து மூன்று வருடமாகக் குமாஸ்தா. எந்தப் பெட்டி எந்த ஊருக்கு, எந்த லாரியில், எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவதுதான் உத்தியோகம். அந்த வேலையைப் பார்த்து யாரும் அவருக்குப் பட்டம் கட்டவில்லை. வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் விருது விழாவில் ரெண்டே நிமிஷத்தில் நன்றியுரை சொல்வாரே, அதற்காகக் கிடைத்த பட்டம் அது.

நன்றியுரை என்றால் என்ன லேசுப்பட்ட காரியமா? எல்லாரும் பேசி முடித்து, விருதெல்லாம் கொடுத்து, கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்த பிறகு கடைசியில் ஒருத்தர் எழுந்து வருவார். அவர் முகத்தைப் பார்த்ததுமே பாதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள். மீதிப் பேர் பலகாரத் தட்டு எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். பந்திக்கு முந்துகிற கூட்டத்தைப் பிடித்து உட்கார வைத்து, ஒருத்தரையும் விடாமல் நன்றி சொல்லி, மனசு குளிர அனுப்ப வேண்டும். முன்பு ஒரு அதிகாரி இதைச் செய்துகொண்டிருந்தார். இருபத்தைந்து நிமிடம் பேசுவார். ஒரு வருடம் சிறப்பு விருந்தினர் மேடையிலேயே குறட்டை விட்டுவிட்டார். மறுவருடம், "நீ போய்யா, நீதான் சுருக்கமா பேசுவே" என்று இவரைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அப்படி ஏறியவர்தான், பதினாறு வருடமாக இறங்கவில்லை.

அவருக்கென்று சில கணக்குகள் உண்டு. சிறப்பு விருந்தினருக்குச் சும்மா 'வந்ததற்கு நன்றி' என்று சொல்ல மாட்டார். மேடை ஓரத்தில் பென்சிலோடு உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டு, அதிலிருந்து ஒரே ஒரு வார்த்தையைக் குறித்துக்கொள்வார். அந்த வார்த்தையைச் சொல்லி நன்றி சொன்னால் வந்தவர் முகம் மலரும். அடுத்து நிர்வாக இயக்குநர், விருதுக்கு ஆளைத் தேர்ந்தெடுத்த குழு. விருது வாங்கியவர்களின் பெயரை மறுபடி வாசிக்க மாட்டார், ஏற்கெனவே வாசித்தாயிற்று. அவர்கள் வீட்டு மனிதர்களுக்குத்தான் நன்றி சொல்வார். "ஓவர்டைம் பார்த்தது அவங்க, ஆறிப்போன சாப்பாட்டைச் சூடு பண்ணிக் கொடுத்தது நீங்க" என்பார். அதற்குக் கைதட்டல் கூரையைப் பிளக்கும். அப்புறம் மைக் செட்டுக்காரர், மின்சாரப் பிரிவு, கேண்டீன், துப்புரவு, காவல். கடைசியில் டிரைவர். இத்தனையும் ஒரு தபால் கார்டு அளவு அட்டையில் ஒற்றை ஒற்றை வார்த்தையாக எழுதியிருக்கும். ஆனால் அட்டையைப் பார்க்க மாட்டார். பார்த்து வாசித்தால் அது நன்றி இல்லை, ரசீது என்பது அவர் கட்சி.

அந்த டிரைவர் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கம்பெனிக் காரை ஓட்டுகிறவர். விழாவுக்குச் சிறப்பு விருந்தினரைக் கூட்டி வருவது எப்போதும் அவர்தான். இவருக்கு உயிர்ச் சிநேகிதர். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒரே பெஞ்சு. முதல் வருட விழாவன்று சட்டையில் கிரீஸ் பட்டுவிட்டதென்று டிரைவர் அரங்கத்தின் பின்கதவுக்கு அந்தப் பக்கம் ஒளிந்து நின்றார். மேடையிலிருந்து இவர் அதைப் பார்த்துவிட்டார். வாய் சும்மா இருக்குமா? "நம்ம விருந்தாளியைப் பத்திரமா கொண்டுவந்து சேர்த்தவர் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டிருக்காரு. யப்பா, வெளிய வா, கையைத் தூக்கு, எல்லாரும் பாக்கட்டும்!" என்றுவிட்டார். அரங்கமே திரும்பிப் பார்த்தது. டிரைவர் நெளிந்துகொண்டே ஒரு கையைத் தூக்கினார். ஒரே சிரிப்பு, ஒரே கைதட்டல்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வருடா வருடம் அதே கதவு, அதே கேலி, அதே கை. "ஏன்டா என் மானத்தை வாங்குறே" என்று டிரைவர் பிறகு சண்டைக்கு வருவார். எல்லாம் வெளிவேஷம். விழாவுக்கு முந்தின நாள் சட்டையை இரண்டு தடவை தேய்ப்பார் என்று அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், கார் ஷெட்டில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இவர்தான். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் இவர்தான். அந்தப் பாவத்தை ஏன் என் தலையில் கட்டினீர்கள் என்று இவர் யாரிடம் போய்க் கேட்பது? இரண்டு மாதம் கழித்து டிரைவரின் மனைவிக்குக் கம்பெனி கேண்டீனில் வேலை போட்டுக் கொடுத்தார்கள்.

இந்த வருட விழாவுக்காக இவர் பதினைந்து நாள் முன்பே எழுத உட்கார்ந்தார். டிரைவரைப் பற்றி நாலே வரி. எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில் ஒழுங்காக வந்தது. வீட்டில் மனைவியிடம் படித்துக் காட்டினார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இது போதும் என்று நினைத்தார்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கேண்டீன் பக்கத்து நடையில் டிரைவரின் மனைவி அவரை நிறுத்தினாள். கையில் டம்ளர் அடுக்கிய தட்டு.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு மேடையில அவரைப் பத்திப் பேசப் போறீங்களா?"

"ஆமாம்மா. நாலு வரி எழுதியிருக்கேன். கேட்டா உனக்கே..."

"வேண்டாம்ணே."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை.

"அவர் பேச்சையே எடுக்காதீங்க. இங்க வந்து அஞ்சு மாசம் ஆச்சு. இப்பத்தான் எல்லாரும் என்னைப் பாத்தா பாவம்னு சொல்றதை நிறுத்தியிருக்காங்க. டீ குடு, டம்ளரைக் கழுவுன்னு சாதாரணமா பேசுறாங்க. அத்தனை பேர் முன்னாடி நீங்க சொன்னா நான் உடைஞ்சு போயிடுவேன். மறுநாளும் நான் இங்கதானே வேலைக்கு வரணும்?"

"சரிம்மா. சொல்லலை."

"சத்தியமா?"

"சத்தியமா சொல்லலை. என் தங்கச்சி நீ, உன் பேச்சை மீறுவேனா?"

அன்றைக்கே அந்த நாலு வரியையும் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். புது அட்டை எழுதினார். டிரைவர் இருந்த இடத்தில் 'போக்குவரத்து' என்று ஒரே வார்த்தை. நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனால் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அவர் அப்படிப்பட்ட மனிதர். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்தார். ஒருமுறைகூடத் தவறவில்லை.

விழா அன்று எல்லாம் நன்றாகவே நடந்தது. நானூறு நாற்காலியும் நிரம்பிவிட்டது. டிரைவரின் மனைவி மேடையின் இடப்பக்கப் படியருகே நின்று, விருதுக் கேடயங்கள் வைத்த தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிறப்பு விருந்தினர் ஒரு கல்லூரி முதல்வர்; தன் சொந்தக் காரில்தான் வந்திருந்தார். 'திருத்திக்கொள்ளத் தெரிந்த கை' என்று அவர் பேச்சில் ஒரு வார்த்தை விழுந்தது. இவர் பென்சிலால் அதைக் குறித்துக்கொண்டார்.

வினையே அதற்குப் பிறகுதான். விருது வாங்கிய ஒருவர் மைக்கைப் பிடித்துப் பத்து நிமிடம் பேசிவிட்டார். நிர்வாக இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த பெண் இவர் காதோரம் குனிந்து, "சார், சீஃப் கெஸ்ட் உடனே கிளம்பணுமாம். உங்களுக்கு ஒரே ஒரு நிமிஷம்தான். ப்ளீஸ்" என்றாள். இது எந்த விழாவில்தான் நடக்கவில்லை? எவன் எவனோ தின்ற நேரத்தை நன்றியுரைக்காரன்தான் வாந்தி எடுக்க வேண்டும்.

எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். வேகமாகத் தொடங்கினார். 'திருத்திக்கொள்ளத் தெரிந்த கை'யைச் சொன்னார். முதல்வர் முகம் மலர்ந்தது. நிர்வாகம், தேர்வுக் குழு. ஆறிப்போன சாப்பாட்டைச் சொன்னார், கைதட்டல் விழுந்தது. கைதட்டல் கொடுத்த தெம்பில் இன்னும் வேகம் பிடித்தார். மைக்கு, மின்சாரம், கேண்டீன், துப்புரவு, காவல். மனசு எங்கோ கடிகாரத்தில் இருந்தது. நாக்கு மட்டும் பதினாறு வருடமாக ஓடிய தடத்தில் தன்பாட்டுக்கு ஓடியது.

"கடைசியா, நம்ம விருந்தாளியைப் பத்திரமா கொண்டுவந்து சேர்த்தவர்... யப்பா, கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சது போதும், வெளிய வா, கையைத் தூக்கு, எல்லாரும் பாக்கட்டும்!"

அரங்கம் திரும்பியது. நானூறு தலையும் பழக்கத்தில் பின்கதவைப் பார்த்துத் திரும்பின. இரண்டு மூன்று பேர் சிரிக்கக்கூடத் தொடங்கிவிட்டார்கள். கதவு திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நடையும், நடைக்கு அப்பால் வெயிலும் தெரிந்தன. ஆள் யாரும் இல்லை.

சிரிப்பு பாதியில் அறுந்தது. ஒன்றும் தெரியாத சிறப்பு விருந்தினர் மட்டும் நாற்காலியிலிருந்து சற்று எழுந்து, எட்டிப் பார்த்துக் கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையை மெல்லத் தொட்டதும் நிறுத்தினார்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. சொன்னது தான்தானா என்று அவருக்கே தெரியவில்லை. கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? இடப்பக்கம் திரும்பிப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. "வந்த எல்லாருக்கும்..." என்று ஆரம்பித்தார். பதினாறு வருடத்தில் முதல்முறையாக நன்றியுரை முடியாமலே படியிறங்கினார். நிகழ்ச்சியை நடத்திய பெண் ஓடி வந்து மைக்கை வாங்கி, எல்லாரையும் சிற்றுண்டிக்கு அழைத்தாள்.

யாரும் அவரைத் திட்டவில்லை. ஒருவர் தோளைத் தட்டினார், ஒருவர் தண்ணீர் கொடுத்தார். செருப்பால் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கூட்டம் தட்டேந்தி நிற்கும்போது அவர் கேண்டீன் பின்னறைக்குப் போனார்.

டிரைவரின் மனைவி குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கண் காய்ந்திருந்தது. திரும்பவில்லை. அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"தங்கச்சி... நான் பாவி. வேணும்னு சொல்லலைம்மா."

"தெரியும்ணே."

"அவன் இல்லைங்கிறதே அந்த நேரத்துல எனக்கு..."

"எனக்கும்தான்."

அவள் குழாயை மூடினாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"இந்த ஏழு மாசத்துல ஒரு நாள்கூட நான் அவரைத் தேடலைண்ணே. போனவர் போயிட்டாருன்னு மனசைக் கல்லாக்கி வச்சிருந்தேன். இன்னிக்கு நீங்க கூப்பிட்டீங்க பாருங்க... எல்லாரோடவும் சேர்ந்து நானும் திரும்பிப் பாத்துட்டேன். கையைத் தூக்குவாருன்னு."