தவணை கிடைத்ததா, இல்லையா?

ராயப்பன்பட்டியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை நடத்தும் பிலோமினா, தேனியிலிருக்கும் மொத்த வியாபாரிக்குக் கடிதம் எழுதினாள். திராட்சை வெட்டிய பிறகே விவசாயிகள் பணம் தருவதால், சரக்குக்குப் பணம் கட்டும் முப்பது நாள் தவணையை அறுபதாக்கித் தரும்படி கேட்டிருந்தாள். சம்மதம் என்று பதில் வந்தது. ஆனால் அடுத்த லோடு வந்தபோது பில்லில் 'ரொக்கம்' என்றிருந்தது.

குழம்பிப்போய்த் தேனிக்குப் போன் செய்தாள். "அண்ணே, முதலாளி தவணை கொடுத்தாகளா, இல்லையா?"

"கொடுத்துட்டாகம்மா," என்றார் கணக்கர் தங்கப்பாண்டி. "பழைய பாக்கிக்குத்தான் அறுபது நாள். அது அடையிற வரைக்கும் புதுச் சரக்குக்கு ரொக்கம்."

எந்தச் சரக்குக்கு என்று தான் எழுதவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல், கையிலிருந்த பணத்துக்குப் பாதிக் குழாயை மட்டும் இறக்கச் சொன்னாள்.