சார் சாய்த்த நான்கு சொற்கள்

சிதம்பரத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, என் வழிகாட்டிப் பேராசிரியர் கணினித் திரையைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். எதுவானாலும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் நீட்ட வேண்டும். சிவப்புப் பேனா ஒரு சுற்று சுற்றிவரும். அப்புறம்தான் கையெழுத்து; அது இல்லாமல் எதையும் வெளியே அனுப்பக் கூடாது.

தேவனாம்பட்டினத்தில் சுனாமி நிவாரணம் யார் கைக்குப் போனது என்பது என் ஆய்வு. டெல்லிக் கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை எடுபட்டால்தான் தீசிஸை ஒப்படைக்க விடுவேன் என்று சார் சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைச் சுருக்கத்தை அவர்களுடைய இணையதளத்துப் பெட்டியில் ஒட்டி அனுப்ப வேண்டும். நான் பிரிண்டோடு சாரிடம் போன அன்று மாலைதான் கடைசி.

சார் பிரிண்டைப் பார்த்தார். அட் ஹாக் கமிட்டி, போனஃபைடு பயனாளி, பெர் சே, வைஸ் வெர்சா என்று நான்கு இடத்தில் சிவப்பாகச் சுழித்தார்.

"லத்தீன்மா இது. இட்டாலிக்ஸ்ல சாய்ச்சுப் போடணும்னு தெரியாதா? என்னத்தப் படிச்சிட்டு வந்த?"

"சார், இதெல்லாம் எப்பவோ இங்கிலீஷா ஆயிடுச்சு. எல்லாரும் நேராத்தான் போடுறாங்க. அந்தப் பெட்டியும் வெறும் எழுத்ததான் எடுத்துக்கும். சாய்ச்சு ஒட்டுனாலும் நிமிந்துக்கும்."

"அப்ப நடுவுல ஹைபன் போடு."

"அதுவும் வேணாம் சார். கமிட்டிக்கு முன்னாடி வந்தாக்கூட அட் ஹாக் தனித்தனியாத்தான் நிக்கும்."

"எனக்கே பாடமா? சாய்க்காம என் கையெழுத்து கெடையாது, போ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பஸ் பாஸுக்காக முதல் நாள் அவரே கையெழுத்துப் போட்ட போனஃபைடு சர்டிபிகேட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். தலைப்பு நெட்டுக்குத்தலாக நின்றது.

"இது மட்டும் நேரா இருக்கே சார்?"

"அது ஆபீஸ் சமாச்சாரம். அத எவன் படிக்கிறான்? இது ஆராய்ச்சி."

கல்லில் முட்டிக்கொண்டு என்ன பயன்? பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். நான்கையும் சாய்த்துப் பிரிண்ட் எடுத்து வந்தேன். சார் முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். திரும்ப ஓடி, அதே சுருக்கத்தைப் பெட்டியில் ஒட்டினேன். நான்கும் சமர்த்தாக நிமிர்ந்துகொண்டன. அப்படியே அனுப்பினேன்.

கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, சாருக்கு ஒண்ணு, டெல்லிக்கு ஒண்ணா?"

"அவருக்குப் பேப்பர்ல சாஞ்சிருந்தா போதும்ணே."

கட்டுரை எடுபட்டது. அந்த மெயிலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டுதான் போனேன். சார் அதைத் துறையில் எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

"நா மட்டும் அந்த நாலு வார்த்தைய சாய்க்கச் சொல்லலன்னா இது தேறியிருக்குமா? டெல்லிக்காரன் மொதல்ல அதத்தான் பாப்பான்!"

மற்ற பேராசிரியர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். எனக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தீசிஸில் அவர் கையெழுத்து இன்னும் பாக்கி.

"ஆமா சார்," என்றேன். "சாஞ்சதாலதான் சார் தேறுச்சு."