மூடிய கணக்குக்குப் போன பென்ஷன்

முப்பத்தோரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்தவர் கண்டக்டர். ஓய்வு பெற்றபோது முழங்கால் இரண்டும் கையை விரித்துவிட்டன. பென்ஷன் வரும் வங்கிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் தெருமுனை வங்கியில் புதுக் கணக்கு தொடங்கி, பழையதை மூடினார். “பென்ஷன் தானா இங்க மாறிடும் சார்” என்றார் புது வங்கிக்காரர். கண்டக்டரும் நம்பிவிட்டார்.

முதல் மாதம் பணம் வரவில்லை. தாமதம் என்று நினைத்தார். அடுத்த மாதம் பென்ஷன் அலுவலகத்துக்குப் போன் போட்டால் பாட்டுதான் கேட்டது. மூன்றாம் மாதம் மளிகைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் மாதம் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, பென்ஷன் அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

“நாலு பக்கமா? இத யாருங்க படிப்பா? நம்பரயும் மாசத்தயும் எழுதுங்க, திட்டினத எல்லாம் அடிங்க” என்றாள் மனைவி.

அடித்தார். ஒரு பக்கம் மிஞ்சியது: பென்ஷன் எண், பழைய கணக்கு, புதிய கணக்கு, வராத மாதங்கள். கடைசி வரியை மட்டும் அவள் விட்டுவைத்தாள்: ‘எங்களுக்கு வேறு வருமானம் இல்லை.’

கடிதத்தைத் தபாலில் போட மனம் வராமல் நேரிலேயே போனார். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தார்.

“மூடின கணக்குன்னு ரெண்டு தடவை பணம் திரும்பி வந்திருக்கு சார். அதோட நிறுத்தி வச்சிருக்கோம். வங்கிய மாத்தினா நீங்கதான் எங்களுக்கு எழுதிக் கொடுக்கணும்.”

“அத யாரும் சொல்லலயேம்மா.”

“பாஸ்புக் நகல் இருக்கா? உயிரோட இருக்கீங்கன்னு சான்றும் வேணும்.”

“எதிர்லதானே நிக்கிறேன்.”

“அதையும் படிவத்துலதான் சார் காட்டணும்.” அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவரே படிவத்தை நிரப்பி, கையெழுத்து வாங்கி, கடித நகலில் முத்திரை குத்தித் தந்தார். “இந்த மாசப் பட்டியல் போயிடுச்சு. அடுத்த மாசம் பாக்கியோட சேர்ந்து வரும்.”

ஒரு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று திரும்பினார்.

பத்தாம் நாள் காலை, குளியலறை வாசலில் மனைவி சரிந்து கிடந்தாள். ரத்த அழுத்த மாத்திரையை எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று மருத்துவர் கேட்டார். கண்டக்டருக்குத் தெரியவில்லை. வீட்டில் டப்பாவைத் திறந்தபோது பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள். ஒரு மாதத்து மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுத்திருக்கிறாள். அவரிடம் மூச்சு விடவில்லை.

உயிர் தப்பியது. வலப்பக்கமும் பேச்சும் போயின.

சொன்னபடியே மறுமாதம் பாக்கி முழுவதும் வந்தது. மருத்துவமனைக்கும் மளிகைக்கும் கொடுத்தது போக, பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வைக்கவும் பணம் மிஞ்சியது. இரண்டு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து பதில் கடிதம்: ‘தங்கள் கோரிக்கை தீர்வு செய்யப்பட்டது.’

கட்டிலருகே உட்கார்ந்து அதை அவளுக்கு வாசித்தார். அவள் இடக்கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள். எழுத்துப் புரிந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் துணிவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. கரண்டியை எடுத்தார்.