ஆஃப் நாள் மாத்திரை

அரிக்குதுன்னு டாக்டர்கிட்ட சொல்ல வெட்கப்பட்டே ஒரு வருஷத்தை ஓட்டினவ நான். முதல் தடவை அரிப்பும் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படறதும் வந்தப்ப, மருந்துக்கடையில ஒரே ஒரு மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு மூணு நாள்ல அடங்கிடுச்சு. அடேயப்பா, இவ்வளவுதானான்னு இருந்தேன். வருஷம் முடியறதுக்குள்ள நாலு தடவை திரும்பி வந்தது.

நாலாவது தடவை சந்தேகம் வீட்டுக்காரர் மேல போச்சு. மைன்ஸ்ல ஷிப்ட் வேலை, எங்கே போறாரு வர்றாருன்னு யாருக்குத் தெரியும்? "எவகிட்டயிருந்து கொண்டாந்தீங்க?"ன்னு கேட்டே புட்டேன். மனுஷன் ஹால்ல பாயை விரிச்சுப் படுத்துட்டாரு. நான் டெட்டால் தண்ணியில கழுவி, எரிச்சல்ல குதிச்சதுதான் மிச்சம்.

கடைசியில பெண் டாக்டர்கிட்ட போனேன். பஞ்சுக்குச்சியில எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க, சர்க்கரை பார்த்தாங்க, கர்ப்பமான்னு கேட்டாங்க. சர்க்கரையும் இல்ல, கர்ப்பமும் இல்ல, வழக்கமான பூஞ்சைதான். "எப்பவாவது வந்தா ஒரு மாத்திரை போதும். இல்லாட்டி ஒரு வாரம் ராத்திரி உள்ள வைக்கிற மருந்து. ரெண்டும் ஒண்ணுதான். உங்களுக்கு அடிக்கடி வருது. மூணு நாளுக்கு ஒண்ணா மூணு மாத்திரை, அப்புறம் வாரம் ஒண்ணு, ஆறு மாசம். டெட்டாலை பாத்ரூம் தரைக்கு வைங்க."

"அவருக்கும் மாத்திரை வேணாமா?"

"அவருக்கு எதுக்கு? இது நம்ம உடம்புலயே இருக்கிற பூஞ்சை. அவர் கொண்டுவரல."

தலையைத் தொங்கப்போட்டு வந்தேன். ஆனா மன்னிப்புக் கேட்க வாய் வரல. வாரம் ஒரு மாத்திரையை அவரோட வார லீவான ஆஃப் நாள்ல போட்டேன். அன்னிக்குத்தான் வீட்டுல கறி எடுப்போம், மறக்காதுல்ல.

மூணாம் மாசம் மறுபடி அரிப்பு. டாக்டர் மாத்திரை போட்ட தேதியைக் கேட்டாங்க, நான் ஆஃப் நாளைச் சொன்னேன். யாரோ லீவு போட்டதுக்கு இவர் ஷிப்ட் பார்த்து, ஆஃபை மாத்தி மாத்தி எடுத்ததுல ஒரு மாத்திரைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பதிமூணு நாள்! "பூஞ்சை உங்க வீட்டுக்காரர் டூட்டி சார்ட்டைப் பார்த்துக்கிட்டா வளருது?"ன்னு சிரிச்சாங்க. மறுபடி மூணு மாத்திரையிலிருந்து ஆரம்பம்.

வீட்டுல வேற வழியில்லாம எல்லாத்தையும் அவர்கிட்ட கொட்டினேன். மன்னிப்பு மட்டும் கேட்கல. அவர் காலண்டர்ல வெள்ளிக்கிழமையெல்லாம் வட்டம் போட்டார். வீட்டுல இருந்தா நேர்ல, ஷிப்ட்ல இருந்தா டீ குடிக்கிற நேரத்துல போன்ல, "போட்டியா?"ன்னு ஒரே கேள்வி. ஆறு மாசமும் ஒரு வெள்ளி தப்பல, அரிப்பும் வரல.

கடைசி வெள்ளிக்கும் போன் வந்தது. "போட்டியா?"

"போட்டுட்டேன். உங்களைப் போய் சந்தேகப்பட்டேன், மன்னிச்சிடுங்க."

"இங்கே ஒரே இரைச்சல். என்னா, சத்தமா சொல்லு."

கத்திச் சொன்னேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜன்னல் திறந்துச்சு. "இன்னும் கொஞ்சம் சத்தமா"ன்னார். அவர் பின்னால ஒரு இரைச்சலும் இல்ல, டீ ஆத்துற சத்தம்தான் தெளிவா கேட்டுச்சு.