பதினோரு மாதம் பொறுக்கச் சொன்னேன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வருமான வரி கணக்கு தாக்கல் செய்து பிழைக்கிறவனுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று என் மனைவி கல்யாணமான வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் கேட்டதில்லை. பெங்களூரில் அல்சூர் பக்கத்தில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் ஆபீஸ். இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், மழை வந்தால் ஒழுகுகிற ஒரு மூலை. வருகிறவர்களை உட்கார வைத்துத் திட்டுவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐ.டி. கம்பெனிப் பையன்கள்தான் அதிகமாக மாட்டுவார்கள். பங்கு வாங்கிப் பதினோரு மாதம் இருபது நாள் ஆனதும் கை அரித்து விற்றுவிட்டு வந்து நிற்பார்கள். "ஏம்ப்பா, இன்னும் பத்து பதினஞ்சு நாள் உன்னால சும்மா இருக்க முடியலையா? பன்னெண்டு மாசம் தாண்டியிருந்தா லாங் டெர்ம். லாபத்துல முதல் ஒண்ணேகால் லட்சத்துக்கு வரியே கிடையாது, மிச்சத்துக்குப் பன்னெண்டரை பர்சென்ட். இப்போ முழுசுக்கும் இருபது கட்டு!" அவர்கள் தலையைச் சொறிவார்கள். எனக்கு உள்ளுக்குள் ஜெயித்த மாதிரி இருக்கும். சந்தையில் பட்டியலான பங்குக்குப் பன்னிரண்டு மாதம். மனை, வீடு, நகைக்கு இருபத்து நாலு மாதம். நகைக்கு முன்பு மூன்று வருஷம் இருந்தது, இப்போது இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கெடுத்ததே அந்தத் திமிர்தான்.

அந்த அம்மா ஜோகுபாளையத்திலிருந்து வந்தார். பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். கே.ஜி.எஃப்பில் பிறந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் கிட்னி கெட்டுப் படுத்து, இறந்து இரண்டு வருஷம் இன்னும் ஆகவில்லை. ஒரே பெண், பத்தாவது படிக்கிறாள். சந்தாபுராவில் கணவர் வாங்கிப் போட்ட ஒரு மனை இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வாங்கியது. படுக்கையில் இருந்தபோதே மனிதர் அதை இந்த அம்மா பெயருக்கு உயில் எழுதிப் பதிவும் செய்துவிட்டார். அந்தமட்டில் புத்திசாலி.

"இப்ப இன்னா பிரச்னைன்னா சார்," என்று பையைத் திறந்தார். "நாங்க இருக்கிற வீட்ட ஓனர் விக்கப் போறாராம். இருவது வருஷமா அங்கதான் இருக்கோம். என் பொண்ணு அந்த வீட்டுலதான் பொறந்தா. நான் அவர அண்ணான்னுதான் கூப்புடுவேன், கன்னடக்காரரு, நல்ல மனுஷன். 'நிமகே கொட்தீனி, ஆத்ரே பேக மாடி'ன்னுட்டாரு. எனக்கே குடுக்குறாராம், ஆனா சீக்கிரம் ஆவணும்னு சொல்றாரு. மனைய வித்தா சரியா வந்துரும் சார். வரியில பூடுமோன்னுதான் பயம்."

ஒரே அறையும் அடுப்படியும் உள்ள சின்ன வீடு. பள்ளிக்கூடத்துக்கு நடந்து பத்து நிமிஷம். மனை விற்ற பணத்தை அப்படியே போட்டால்தான் வாங்க முடியும், அதில் ஒரு லட்சம் குறைந்தாலும் கைநழுவும்.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. மனையை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாங் டெர்ம். வேறு வீடு இல்லாதவர் அந்தப் பணம் முழுவதையும் ஒரு வீட்டில் போட்டால் வரியே இல்லை. இரண்டு வருஷத்துக்குள் என்றால் ஷார்ட் டெர்ம். லாபம் முழுவதும் சம்பளத்தோடு சேர்ந்து வரி கட்டவேண்டும், வீடு வாங்கினாலும் சலுகை கிடையாது. ஆக, எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதுதான் கேள்வி.

நான் காகிதங்களைப் புரட்டினேன். மேலே காத்தா இருந்தது. நகரசபை வரிப் புத்தகத்தில் சொத்து யார் பெயரில் என்று காட்டுகிற காகிதம். பெங்களூரில் அது இல்லாமல் ஒரு ஈ நகராது. காத்தா அந்த அம்மா பெயருக்கு மாறிப் பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. கணவரின் பழைய கிரயப் பத்திரம் அதற்குக் கீழே இருந்தது. அதைத் தொட்டேன், விரித்துப் பார்க்கவில்லை. ஜூலை, கணக்குத் தாக்கலுக்குக் கடைசி மாதம், வெளியே படியில் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"உங்க பேருக்கு வந்து பதிமூணு மாசம்தான் ஆகுது. இன்னும் பதினோரு மாசம் பொறுங்க. மேல ஒரு பத்து நாள் சேத்துக்குங்க, வம்பே வேணாம்."

"ஓனரு நிப்பாரா சார் அதுவரைக்கும்?"

"கேளுங்க. இருவது வருஷம் வாடகை வாங்கினவரு பதினோரு மாசம் நிக்கமாட்டாரா? பொறுத்தார் பூமி ஆள்வார்ம்மா!"

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

ஓனர் நாலு மாதம் நின்றார். அவருக்கும் மகன் ஆபரேஷனுக்குப் பணம் தேவையாம். ஐந்தாவது மாதம் வேறு ஒருவருக்குக் கிரயம் பண்ணிக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் இடித்துவிட்டு மூன்று மாடி கட்டுவதற்காகக் காலி பண்ணச் சொன்னார். அந்த அம்மா என்னிடம் வந்து சொன்னபோது நான்தான் ஆறுதல் சொன்னேன். "வுடுங்கம்மா. அவசரப்பட்டு வித்திருந்தா வரியில போயிருக்கும்." நான் பெரிய உபகாரி என்ற நினைப்பு எனக்கு.

பதினோரு மாதம் முடிந்து பத்து நாளும் கழிந்த பிறகு மனை விற்றது. ஜோகுபாளையத்தில் அந்த விலைக்கு ஒரு குளியலறைகூட மிஞ்சவில்லை. கடைசியில் ஆனேக்கல் தாண்டி ஒரு சின்ன ஃபிளாட் வாங்கினார். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ், இரண்டு மணி நேரம். பத்தாவது முடித்த பெண் பியூசி, அதாவது பிளஸ் ஒன், சேர்ந்தது அல்சூர் காலேஜில். தினமும் போய்வர முடியாது என்று அவளைச் சித்தி வீட்டில் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவும் பெண்ணும் பார்த்துக்கொள்வார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் ஜூலையில் அவர் கணக்கைத் தாக்கல் செய்ய உட்கார்ந்தேன். படிவத்தில் வாங்கிய விலை கேட்கும். உயிலில் வந்த சொத்துக்கு, எழுதி வைத்தவர் என்ன விலைக்கு வாங்கினாரோ அதுதான் விலை. அது எனக்குத் தெரியும். ஆகவே கணவரின் கிரயப் பத்திரத்தை எடுத்து விலையைத் தட்டினேன். அடுத்த கட்டம் வாங்கிய தேதி. கை தானாகக் காத்தாவை எடுக்கப் போனது, அப்படியே நின்றுவிட்டது.

விலைக்குப் புருஷன் பத்திரம், தேதிக்கு மட்டும் ஏன் பெண்டாட்டி காத்தா?

அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தேன். மூன்று முறை படித்தேன். உயிலிலோ வாரிசாகவோ தானமாகவோ வந்த சொத்துக்கு, முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலமும் சேரும். காத்தாவுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. அந்த அம்மா என் எதிரில் முதல் தடவை உட்கார்ந்தபோதே மனைக்குப் பன்னிரண்டு வயது. மறுநாளே விற்றிருக்கலாம். ஒரு பைசா வரி இல்லாமல் அந்த வீட்டை வாங்கியிருக்கலாம்.

அடப்பாவி, யார் யாரையோ திட்டினாயே என்று என்னை நானே சொல்லிக்கொண்டேன். பிறகு சரியான தேதியைத் தட்டினேன், கணக்கை அனுப்பினேன். வரி பூஜ்யம் என்று வந்தது. எப்படிப் பார்த்தாலும் அது பூஜ்யம்தான்.

அன்று சாயங்காலம் அந்த அம்மா வந்தார். "நீங்க சொன்னபடி பொறுத்ததால ஒண்ணும் கட்ட வேணாம், இல்ல சார்? உங்க புண்ணியம்," என்று கை கூப்பினார். வாயைத் திறந்தேன். கே.ஆர். மார்க்கெட்டில் கூவுகிற அளவு வாய் உள்ளவன், அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. "பாத்துப் போங்கம்மா, மழ வருது," என்றேன். அவ்வளவுதான். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிடுங்க," என்றாள். நாளை நாளை என்று ஐந்து மாதம் ஓடியது. இனி சொல்லி என்ன ஆகப்போகிறது, வீடா திரும்பி வரும், வீணாக அவர் மனம்தானே புண்படும் என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். உண்மையில் பயம். கடைவீதியில் என் பெயர் கெடும் என்ற பயம்.

டிசம்பரில் அவர் தன்னோடு வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணின் கணவரும் இறந்து ஆறு மாதம். ஒசகோட்டை பக்கம் அவர் பேரில் ஒரு மனை, அதையும் உயிலில் எழுதி வைத்திருக்கிறார்.

"சார் கரெக்டா நாள் எண்ணிச் சொல்லுவாரு," என்று இவர் அந்தப் பெண்ணிடம் சொன்னார். "ரெண்டு வருஷம் பொறுக்கணும். கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா வரி மிச்சம். நீங்க சொல்லுங்க சார்."

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் காத்தா விண்ணப்பம். நான் பொய் சொன்னால் இவளும் காத்திருப்பாள்.

"வேணாம்மா. நீங்க பொறுக்க வேணாம். உங்க வீட்டுக்காரர் வாங்கின நாள்லேர்ந்தே எண்ணணும். எப்ப வாங்கினாரு?"

"எட்டு வருஷம் ஆச்சு சார்."

"அப்ப தாராளமா விக்கலாம். லாங் டெர்ம்தான்."

கிளார்க் அம்மா என்னைப் பார்த்தார், பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு வாங்கி அப்பவே பன்னெண்டு வருஷம் சார்."

"ஆமாம்மா."

"அப்ப நானு?"

"அன்னிக்கே வித்திருக்கலாம். நான்தான் தப்பா எண்ணிட்டேன். காத்தாவப் பாத்து எண்ணிட்டேன். மன்னிச்சிருங்கம்மா."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கைப்பையின் ஜிப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமே சார். வேற யாரையாச்சும் கேட்டிருப்பேனே."

நான் மேஜைமேல் இருந்த நோட்டை மூடி வைத்தேன்.

"ஓனர் அண்ணாவ வாசல்ல நின்னு திட்டினேன் சார். தெருவே பாத்துது. இருவது வருஷம் பாத்த மனுஷன், பதினோரு மாசம் நிக்கமாட்டியா, நீயெல்லாம் மனுஷனான்னு கேட்டேன். அவரு ஒண்ணுமே பேசல. அதுக்கப்புறம் அவரு மூஞ்சியிலயே நான் முழிக்கல."

"நான் வந்து சொல்றேன்மா," என்று எழுந்தேன். "இப்பவே வரேன். அவர்கிட்ட நானே சொல்றேன், தப்பு என்னுதுன்னு."

"அவரு எங்க இருக்காரு சார்? இந்தத் தீபாவளிக்கு முன்னாடிதான் போய்ட்டாரு. சாவுக்குக்கூட நான் போகல." பிறகுதான் அவருக்கு அது தோன்றியது போலிருக்கிறது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?"

ஜூலையில் என்று சொன்னேன்.