பதினைந்து டாலர், எதற்கு?

மூணாறு பக்கம், சின்னக்கானலுக்குக் கீழே ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஈமெயில் எழுதுவதுதான் என் வேலை. கொஞ்சம் பிடிவாதம் பிடித்த கை என்னுடையது. மாதத்தை எண்ணில் எழுத மாட்டேன். 5/6 என்றால் நமக்கு ஜூன் ஐந்து, அமெரிக்காக்காரருக்கு மே ஆறு. வெறுமனே டாலர் என்றும் எழுத மாட்டேன். ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் கூட டாலர்தான். "நாளை காலைக்குள்" என்று எழுதச் சொன்னால் யாருடைய காலை என்று கேட்பேன். முதலாளிக்கு இதெல்லாம் எரிச்சல். "என்னம்மா, பரீட்சையா எழுதுற? ரெண்டு வரியில முடி" என்பார்.

அந்த வருடம் காய் வாங்க ஆள் வரவில்லை. பொறுக்கும் அறையில் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். வெளுத்த காய், வெடித்த காய், பூச்சி தொட்ட காய் எல்லாவற்றையும் தட்டில் பரப்பிக் கையால் தள்ளுகிற வேலை. புது ஆர்டர் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியோடு அறையை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். வேலை போனால் கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போகும். அறைக்கு மூத்தவரான அக்காவுக்கு அதுதான் பயம். கணவர் இறந்து, மகளோடு தனியாக இருந்தார். மகளுக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை.

"பரீட்ச முடியிற வரைக்கும் வீடு இருந்தாப் போதும் பாப்பா. அப்புறம் எங்கயும் போயிக்கிடுவேன்" என்று தினமும் என் மேசைப் பக்கம் வந்து சொல்லிவிட்டுப் போவார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "வரும்க்கா" என்பேன்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு மசாலா வியாபாரி எங்கள் சாம்பிளைக் கேட்டிருந்தார். எட்டு மில்லிமீட்டர் பச்சைக் காய். அக்காவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். விலையை நாங்கள் சொல்லவில்லை. விலையை முதலில் சொல்பவன் தோற்றான் என்பது முதலாளியின் வேதம். அவன் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தார்.

வியாபாரி வாயைத் திறந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆபீசைத் திறந்தபோது பதில் வந்து கிடந்தது. காய் அருமை, நிறம் அருமை, வருடாவருடம் எடுக்க விருப்பம், விலை பதினைந்து, இதுதான் கடைசி. அவ்வளவுதான். எந்த நாட்டுப் பணம், எந்த எடைக்கு, ஒன்றும் இல்லை.

முதலாளியின் முகம் சிவந்தது. அவர் மனதில் கிலோவுக்கு முப்பது டாலர் இருந்தது.

"பதினஞ்சா? போடிநாயக்கனூர் மார்க்கெட்ல போயி நின்னாலே இதுக்கு ரெட்டிப்பு கிடைக்கும். என்னய என்ன இளிச்சவாயன்னு நெனச்சுட்டானா?"

"சார், அது கிலோவுக்கா இருக்காது. சாம்பிள் கேக்கும்போதே ரெண்டு பவுண்டு அனுப்புன்னுதான் எழுதியிருந்தாரு. அங்க எல்லாம் பவுண்டுக் கணக்குதான். ஒரு வரி கேட்டுக்கிடுவோம்."

"கேக்கவா? வெல சொன்னவன்கிட்டப் போயி, ஐயா எந்தக் கணக்குல சொன்னீங்கன்னா? நமக்கு யாவாரம் தெரியலன்னு அவனுக்கு நாமளே சொல்லிக் குடுக்கவா? இப்படிக் கொறச்சுப் பேசுறவன் தானா ஏறி வருவான். சும்மா இரு."

நான் சும்மா இருக்கவில்லை. மதியம் அவர் மூணாறுக்கு ஜீப்பில் போனதும் எழுதினேன். 'உங்கள் விலை பதினைந்து அமெரிக்க டாலர் என்று எடுத்துக்கொள்கிறோம். அது ஒரு பவுண்டுக்கா, ஒரு கிலோகிராமுக்கா என்று உறுதிப்படுத்துங்கள்.' பதில் வேண்டிய நாளைக் கிழமையோடும் மாதப் பெயரோடும் போட்டேன். இந்திய நேரத்தையும் அவருடைய ஊர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். அனுப்பியபோது எங்களுக்கு மாலை நான்கு. அங்கே விடியவே இல்லை. அவர் ஆபீசுக்கு வந்து பதில் போட நமக்கு ராத்திரி ஆகும், சனிக்கிழமை காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

கம்பெனி ஈமெயில் முதலாளியின் போனிலும் உண்டு. மூணாறில் டீ குடித்துக்கொண்டே அதைத் திறந்திருக்கிறார். நான் அனுப்பியது கண்ணில் பட்டிருக்கிறது. தன் சொல்லை மீறினேன் என்ற கோபம் ஒரு பக்கம், வெள்ளைக்காரன் முன்னால் தன்னை ஒன்றும் தெரியாதவனாக்கிவிட்டேன் என்ற ரோஷம் ஒரு பக்கம். ஆறரை மணிக்கு அங்கிருந்தே தட்டிவிட்டார். உங்கள் விலை எங்களுக்கு அவமானம், இனி எங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அங்கே மணி காலை ஐந்து. அந்த மனிதர் வேலைக்கு வந்து ஈமெயிலைத் திறந்தபோது என் கேள்வியும் இவருடைய கோபமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. மேலே கிடந்தது கோபம்.

சனிக்கிழமை காலை அவருடைய பதிலைப் படித்தேன். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். எங்கள் மனதைப் புண்படுத்தியதற்கு வருந்துகிறாராம். இந்த வருடத் தேவைக்குக் குவாத்தமாலாவில் ஒப்பந்தம் போட்டு முடித்துவிட்டாராம். கீழே, என் கேள்விக்கும் ஒரு வரி. ஆம், அமெரிக்க டாலர், ஒரு பவுண்டுக்கு.

கால்குலேட்டர் தேவைப்படவில்லை. கிலோ என்பது இரண்டேகால் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. கிலோவுக்கு முப்பத்து மூன்று டாலர். நாங்கள் கேட்க நினைத்ததைவிட மூன்று டாலர் அதிகம்.

காகிதத்தில் கணக்கை எழுதி முதலாளி முன் வைத்தேன். "அப்ப அவன் தெளிவா எழுதியிருக்கணும்ல" என்றார். பிறகு, "நீ இடையில பூந்து எழுதலன்னா நான் அவசரப்பட்டிருக்க மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. மன்னிப்புக் கேட்டு நானே இன்னொரு மெயில் எழுதிக் காட்டினேன். அனுப்பக் கூடாது என்றார். ஆனாலும் அனுப்பினேன். பதில் வரவில்லை.

மாதக் கடைசியில் பொறுக்கும் அறையைப் பூட்டினார்கள். பெண்களிடம் முதலாளி சொன்ன காரணத்தை நான் பிறகுதான் அறிந்தேன். வெள்ளைக்காரன் காயைப் பார்த்துவிட்டு, பொறுக்கினது சரியில்லை என்று திருப்பிவிட்டானாம்.

அக்கா வீட்டைக் காலி செய்த காலையில் நான் லயத்துக்குப் போனேன். ஜீப்பில் கட்டிலும் பாத்திர மூட்டையும் ஏற்றியிருந்தார்கள். மகள் பள்ளிப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தேனிப் பக்கம் அக்காவின் தம்பி வீடு. பரீட்சைக்கு அங்கிருந்து பஸ்ஸில் வந்து போக வேண்டும். கூட வேலை பார்த்த பெண்கள் குழாயடியில் நின்றார்கள், அவரவர் மூட்டை கட்டுவதற்கு முன்னால் வழியனுப்ப வந்தவர்கள்.

அக்கா என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"என் கண்ணுதான் மங்கிப்போச்சா பாப்பா? அத்தனையும் ரெண்டு தடவ பாத்துத்தான் குடுத்தேன்."

"அக்கா, காய் அருமைன்னுதான் அவரு எழுதினாரு. நாம நெனச்சதவிடக் கூட வெல சொன்னாரு. பவுண்டுக்குச் சொன்னத நம்மாளு கிலோவுக்குன்னு நெனச்சுத் திட்டி அனுப்பிட்டாரு."

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. குழாயடியில் நின்றவர்களைக் கையால் காட்டினார்.

"இத எங்கிட்டச் சொல்லி என்ன? எங்க எட்டுப் பேரு கையும் சரியில்லன்னுல்ல பேரு கெட்டுக் கெடக்கு. நாளைக்கு எந்த ஏலக்கா ஸ்டோர்ல எங்கள வேலைக்குச் சேப்பான்? அவுககிட்டப் போயிச் சொல்லு. சத்தமாச் சொல்லு."

லயத்துக்கு எதிரில்தான் ஆபீஸ். முதலாளியின் ஜன்னல் திறந்திருந்தது. நான் குழாயடிக்குப் போய் நின்று, பதினைந்து டாலர் எதற்கு என்பதை முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன்.